அக்கா எழுதிக் கொடுத்த ஐந்து முட்டைச் சமையலும் கரண்ட் அடுப்பும்

அக்காவின் தாளில் இருந்த ஐந்தும் இப்போது எனக்கு ஒழுங்காக வருகின்றன. அவித்த முட்டை, ஆம்லெட், பொடிமாஸ், தக்காளியில் உடைத்து ஊற்றும் முட்டை, முட்டைச் சோறு. இவற்றில் என்னை அதிகம் படுத்தியது, எல்லாரும் சுலபம் என்று சொல்லும் அவித்த முட்டைதான்.

அறையில் காஸ் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அங்கே இருந்தது சுருள் கம்பி போட்ட கரண்ட் அடுப்பு ஒன்றும், அடி மெலிந்த எவர்சில்வர் பாத்திரங்களும். அடுப்பு சூடாக இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று கேட்டதற்கு, “முன்னாடி இருந்தவர் இதில்தான் சமைத்தார்” என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். அக்கா எழுதியதோ காஸ் அடுப்பை மனதில் வைத்து: “முட்டை மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கிற மாதிரி தண்ணீர் ஊற்று. கொதி வந்ததும் அணைத்து மூடி வை. பத்து நிமிஷம் போதும்டா.”

காஸ் அடுப்பில் இது சரியான முறை. அணைத்தவுடன் நெருப்பு நின்றுவிடும், அதன்பின் தண்ணீரின் சூட்டிலேயே முட்டை வெந்துவிடும். கரண்ட் அடுப்பில் இரண்டு இடத்தில் கணக்கு தப்புகிறது. தண்ணீர் மெதுவாகச் சூடாவதால் கொதி வருவதற்குள்ளேயே முட்டை பாதி வெந்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கம்பி சிவப்பாகவே இருப்பதால் தண்ணீர் தொடர்ந்து கொதித்துக்கொண்டிருக்கும். உரித்து வெட்டிப் பார்த்தால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம், வெள்ளைக்கரு ரப்பராக இழுக்கிறது, கந்தக வாடை வேறு. முட்டை கெட்டுவிட்டது என்று நினைத்து யாரும் தூக்கிப் போட வேண்டாம். அதிக நேரம் வெந்ததால் வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தக வாயு மஞ்சள்கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ருசிதான் போய்விடும்.

சரி, அணைத்ததும் பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்துவிடலாமே என்று தோன்றும். சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் என்றால் அது சீக்கிரம் ஆறி, நடுவில் வேகாமல் நின்றுவிடுகிறது. இதற்கு எனக்குக் கிடைத்த தீர்வு, தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்க விட்டு, கரண்டியில் வைத்து முட்டையை மெல்ல இறக்குவது. அந்த நொடியிலிருந்து நேரம் பார்க்க வேண்டும். ஏழு நிமிடத்தில் மஞ்சள்கரு இளகலாக இருக்கும். பத்து நிமிடத்தில் நடுவில் மட்டும் ஈரம் இருக்கும், பன்னிரண்டில் முழுசாக வெந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் வேகுவது தொடரும். இந்த முறையில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் கவலையில்லை.

நேரம் சரியானதும் அடுத்த தொல்லை வந்தது, உரிப்பது. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து பிய்ந்து வந்தது. அக்காவிடம் போனில் சொன்னால், “நல்ல முட்டை கிடைச்சிருக்குடா, அதான் உரியல” என்றாள். உண்மைதான். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு அதிகம் கரைந்திருக்கும். அந்த நிலையில் வெந்தால் அது ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியாக வாயு வெளியேறிவிடும், பிடிப்பும் தளரும். அதனால் அவிப்பதற்கு என்று சில முட்டைகளை ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன். எது பழசு என்று மறந்துபோனால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். படுத்துக் கிடந்தால் புதுசு, ஒரு முனையில் எழுந்து நின்றால் பழசு. மிதந்தால் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் இறக்குவதால் புது முட்டைகூட முன்னைவிட நன்றாகவே உரிகிறது. அகன்ற முனையில் தட்டி, தண்ணீருக்குள் வைத்தே உரித்தால் இன்னும் சுலபம்.

ஆம்லெட்டுக்கு, “வாணலி காய்ந்ததும் எண்ணெய் விட்டு முட்டையை ஊற்று” என்று ஒரே வரி. அக்காவின் வாணலி பல வருடம் எண்ணெய் குடித்துப் பழகியது, அதில் எதுவும் ஒட்டாது. எவர்சில்வரில் “காய்ந்ததும்” என்பது எந்த அளவு என்று தெரிந்தாக வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று ஆவியானால் இன்னும் சூடு பத்தாது. சொட்டு முத்துப் போல உருண்டு ஓடினால் காய்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சூட்டிலேயே முட்டையை ஊற்றினால் கருகும். கம்பியின் சூடு உடனே குறையாது என்பதால் வாணலியையே தூக்கிச் சற்று நேரம் பிடித்திருந்து, எண்ணெயைச் சுற்றி விட்டு, பிறகு ஊற்ற வேண்டும். ஓரம் தானாக எழும்பும் வரை கரண்டியால் நோண்டக் கூடாது. அதற்கு முன் கிளறினால் அடியில் பாதி தங்கிவிடும். முதல் தடவை முழு ஆம்லெட் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தபோது அக்காவுக்கு உடனே படம் எடுத்து அனுப்பினேன்.

பொடிமாஸில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஓடுகிற திரவம் எதுவும் இல்லாமல், ஆனால் ஈரப் பளபளப்பு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கம்பிமேலேயே விட்டால் முட்டை இறுகித் தண்ணீரைக் கக்கிவிடும்.

தக்காளி முட்டைக்குப் புது முட்டையே நல்லது. வெள்ளைக்கரு கெட்டியாக இருப்பதால் பரவாமல் ஒரே இடத்தில் நிற்கும். வெங்காயமும் தக்காளியும் சுண்டி எண்ணெய் பிரிந்ததும், கரண்டியால் குழி பண்ணி, முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். ஒன்று கெட்டதாக இருந்தால் மொத்தக் கறியும் வீண். மூடி போட்டு வெள்ளைக்கரு கெட்டியாகும் வரை வைக்கலாம். அடி மெலிந்த பாத்திரம் என்றால் ஓரத்தில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டால் அடி பிடிக்காது.

கடைசியாக முட்டைச் சோறு. சூடான சோற்றில் செய்தால் குழைந்து கட்டியாகும் என்று அக்காவே எழுதியிருந்தாள். முட்டையை முதலில் கிளறித் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஆறிய சோற்றை நன்றாகச் சூடாகும்வரை புரட்டி, பிறகு இரண்டையும் கலந்தால் உதிரியாக வரும். தாளில் இல்லாத ஒன்றை நான் சேர்த்துச் சொல்கிறேன். மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க வெளியில் வைத்துவிட்டுக் காலையில் இதைச் செய்யாதீர்கள். சோறு வெந்தாலும் சாகாத ஒருவகைக் கிருமி அதில் உண்டு. வெளியில் கிடக்கும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற விட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.