மூன்று மேனேஜர், ஒரு கட்டம்: எதை மறுப்பது என்று முடிவு செய்த கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எம்ஐஎஸ் வேலை. மெர்ச்சண்டைசிங் மேடம், புரொடக்ஷன் சார், அக்கவுண்ட்ஸ் சார் என்று மூன்று பேரும் என்னிடம் ரிப்போர்ட் கேட்பார்கள். மூவருக்கும் தங்கள் வேலைதான் அவசரம். ஒரு மாதம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தபோதுதான் இம்பேக்ட் - எஃபர்ட் மேட்ரிக்ஸை ஒரு பேப்பரில் போட்டேன். மேலே போகப் போகப் பலன் அதிகம், வலது பக்கம் போகப் போக உழைப்பு அதிகம். இரண்டு கோடு போட்டால் நாலு கட்டம். பலன் குறைவு, உழைப்பு அதிகம் என்று வலது கீழ் மூலையில் விழுவதுதான் மறுக்க வேண்டியது.

கோடு போடுவது சுலபம். பலனை யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். மேனேஜரிடம் "இது எவ்வளவு முக்கியம் சார்?" என்று கேட்டால் எல்லாமே மேலே போய் உட்காரும். அதனால் கேள்வியை மாற்றினேன்: "இது மாதக் கடைசி வரைக்கும் இல்லாவிட்டால் என்ன நின்று போகும்?" அக்கவுண்ட்ஸ் சாரின் ஜிஎஸ்டிஆர்-2பி சரிபார்ப்பை, அதாவது சப்ளையர்கள் காட்டிய ஜிஎஸ்டியை நம் பில்களோடு ஒப்பிடும் வேலையை மட்டும் கட்டத்துக்குள் கொண்டுவரவே இல்லை. 2பி 14ஆம் தேதி வரும், 20ஆம் தேதிக்குள் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் தேதி குறித்த வேலையில் பேரம் பேச ஒன்றுமில்லை. அதற்கான நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதி நேரத்துக்குத்தான் கட்டம் போட்டேன்.

உழைப்பைச் சொல்ல வேண்டியவர் வேலை செய்கிறவர். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. புரொடக்ஷன் சார் கேட்டது லைன் வாரியான அவர்லி ரிப்போர்ட். "நாற்பது நிமிஷ வேலைதானேப்பா" என்றார். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்தான். ஆனால் மாதம் 26 வேலை நாள் என்றால் 17 மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு முழு நாளைத் தாண்டுகிறது. தினமும் திரும்ப வரும் வேலையை மாதக் கணக்கில் எழுதினால்தான் அது எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியும். இடது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ரிப்போர்ட் நேராக வலது பக்கம் போய்விட்டது.

அதன் பலனைப் பார்க்க தையல் செக்ஷனுக்கே போனேன். ஒவ்வொரு லைன் முன்னாடியும் போர்டில் சூப்பர்வைசர் மணிக்கொரு முறை டார்கெட்டையும் தைத்த பீஸையும் எழுதுகிறார். நான் தட்டச்சு செய்யப் போவது அதே எண்களைத்தான். "போன வாரம் இந்த எண்ணைப் பார்த்து என்ன மாற்றினீங்க சார்?" என்று கேட்டேன். டார்கெட்டுக்கு ரொம்பக் கீழே போன லைனுக்கு மட்டும் ஆளை மாற்றுவாராம். அப்படியானால் 80 சதவீதத்துக்குக் கீழே உள்ள லைன்களை மட்டும் தருகிறேன், பத்து நிமிடத்தில் முடியும் என்றேன். முழு ரிப்போர்ட்டை மறுத்தாயிற்று, அவருக்குத் தேவையானது கிடைத்தும் விட்டது.

மேடத்திடம் இது இவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. அவர் கேட்டது இரண்டு. சாயப்பட்டறையிலிருந்து வர வேண்டிய துணியின் பாக்கிப் பட்டியல் ஒரு மணி நேர வேலை. துணி தாமதமானால் கப்பலை விட்டு, கம்பெனிச் செலவில் விமானத்தில் சரக்கு அனுப்ப வேண்டி வரும். லாபம் அதிலேயே போய்விடும். அதை அன்றே கொடுத்தேன். இன்னொன்று ஸ்டைல் வாரியான ஆர்டர் டேஷ்போர்டு, கிட்டத்தட்ட ஒரு வார வேலை. பார்த்தால் பலன் அதிகம் போலத்தான் தெரியும். ஆனால் அது ஒவ்வொரு ஆர்டரிலும் எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று எழுதும் டி அண்ட் ஏ ஷீட்டை நம்பித்தான் ஓடும். அந்த ஷீட்டைத் திறந்தால் பாதி ஸ்டைலுக்கு லேப் டிப், அதாவது சாய நிற சாம்பிளின் அப்ரூவல் தேதியே காலி. காலி ஷீட்டிலிருந்து வரும் டேஷ்போர்டை யாரும் இரண்டாவது தடவை திறக்க மாட்டார்கள். இன்றைய நிலையில் அது வலது கீழ் மூலைதான்.

"அப்ப செய்ய மாட்டேங்கிறீங்க?" என்றார் மேடம். கோபம் இருந்தது. நான் மூன்று பேரையும் ஒரே மேசைக்கு வரச் சொல்லி அந்தப் பேப்பரை நடுவில் வைத்தேன். தனித்தனியாக மறுத்தால் "அவருக்கு மட்டும் செய்கிறான்" என்று ஆகிவிடும். அடுத்தவர் வேலையும் பக்கத்திலேயே தெரியும்போது பேச்சு வேறு மாதிரி போகிறது. டேஷ்போர்டு வேண்டுமென்றால் இந்த வாரம் எதை எடுத்துவிடலாம் என்று கேட்டேன். லைன் பட்டியலை எடு என்றார் மேடம், அதெல்லாம் முடியாது என்றார் புரொடக்ஷன் சார். அதற்கு மேல் முடிவெடுப்பது என் வேலை இல்லை என்பதால் பேப்பர் ஜிஎம்மிடம் போனது. ஷீட் நிரம்பட்டும், அப்புறம் டேஷ்போர்டு என்று அவர் சொல்லிவிட்டார்.

இப்போது திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டத்தைத் திருத்துகிறேன். மெர்ச்சண்டைசர்கள் தேதிகளை நிரப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். இப்படியே போனால் டேஷ்போர்டு மேல் கட்டத்துக்கு வந்துவிடும், அப்போது அந்த வாரத்தில் எதை வெளியே தள்ளுவது என்று மறுபடி மூன்று பேரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.