36 சதவீதம் காட்டிய ஒப்புமை அறிக்கையைப் படித்த அனுபவம்

நான் நெறியாளராக இருந்த ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்கு, ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் 36 சதவீதம் என்று அறிக்கை கொடுத்தது. எங்கள் துறையில் எழுதப்படாத ஒரு வரம்பு இருந்தது. 20ஐத் தாண்டினால் ஏடு திரும்பி வந்துவிடும் என்று மாணவர்கள் நம்பினார்கள், ஆசிரியர்களிலும் சிலர் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். குறைத்துக் கொண்டுவரும்படி மாணவியிடமே ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது எளிய வழி. ஆனால் எதைத் திருத்துவது என்று சொல்லாமல் எண்ணைக் குறைக்கச் சொன்னால், சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் வேலைதான் நடக்கும். எண் இறங்கும், ஏடு கெடும். ஆகவே அறிக்கையை முழுதும் படித்து, மதிப்பீட்டுக் குழுவுக்கு விளக்கக் குறிப்பு ஒன்று எழுதித் தருவதாகத் துறைத்தலைவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டேன்.

ஏட்டில் ஏறத்தாழ 20,000 சொற்கள் இருந்தன. அப்படியானால் 36 சதவீதம் என்பதன் பொருள், 7,200 சொற்கள் அளவுக்கு மென்பொருளின் களஞ்சியத்தில் உள்ள ஏதோ ஒன்றோடு வரி ஒத்துப்போகிறது என்பது மட்டுமே. அந்த வரிகளுக்கு மேற்கோள் குறிப்பு இருக்கிறதா, யார் யாரிடமிருந்து எடுத்தார், எடுக்கும் உரிமை இருந்ததா என்பவை அந்த எண்ணுக்குள் இல்லை. ஒரே கட்டுரையிலிருந்து 7,200 சொற்கள் வந்தாலும், நூற்றுக்கும் மேற்பட்ட மூலங்களிலிருந்து சிறுசிறு தொடர்களாக வந்தாலும் முகப்பில் அதே 36தான் தெரியும். அந்த எண்ணுக்கு மென்பொருள் கொடுக்கும் நிறமும் உதவாது. டர்னிட்டின் மென்பொருளில் 24 சதவீதம் வரை பச்சைதான். 20,000 சொற்களில் 24 சதவீதம் என்றால் 4,800 சொற்கள், அதாவது ஒரு முழு இயல். பச்சையைப் பார்த்து நிம்மதி அடைவதும் மஞ்சளைப் பார்த்துப் பதறுவதும் ஒரே வகைப் பிழை.

நூற்பட்டியல், மேற்கோள் போன்றவற்றைக் கணக்கிலிருந்து நீக்கும் வடிகட்டிகள் மென்பொருளில் உண்டு. முதலில் எந்த வடிகட்டியையும் போடாமல் அறிக்கையை அப்படியே படித்தேன். இதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன். வடிகட்டிய பிறகு மட்டும் பார்த்தால், எது மறைந்தது என்பது நமக்குத் தெரியாமலேயே போய்விடும். நிறமிட்ட ஒவ்வொரு பகுதியையும் அது ஏட்டில் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு பிரித்தேன். 2,800 சொற்கள் ஒரே மூலத்தைச் சுட்டின. அதாவது 14 சதவீதம். மூலத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாணவர் தாள் என்ற பொருள்படும் குறிப்பு மட்டும் இருந்தது. மென்பொருளைக் கவனிக்கும் நூலகப் பொறுப்பாளரிடம் கேட்டுத் திறந்து பார்த்தபோது, அது முந்தைய பருவத்தில் அதே மாணவி பயிற்சித் தாளாகச் சமர்ப்பித்த இரண்டாம் இயலின் முதல் வரைவு. அப்போது தாளைக் களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்பு அணைக்கப்படவில்லை. அதனால் அவருடைய எழுத்தே அவருக்கு எதிராக நின்றது. ஒரே ஆய்வின் வரைவு ஏடாக வளர்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதுவே இதழில் வெளியான கட்டுரையாக இருந்திருந்தால், ஏட்டின் முன்னுரையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நானே கேட்டிருப்பேன்.

அடுத்து 1,800 சொற்கள் துணைநூற்பட்டியலில் இருந்தன. ஒரு நூலின் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை எவர் எழுதினாலும் ஒரேபோலத்தான் எழுத முடியும். பட்டியலை நீக்கும் வடிகட்டியைப் போட்டபோதும் அது நீங்காமல் நின்றதுதான் விந்தை. காரணம் பிறகு புரிந்தது. அந்த வடிகட்டி பட்டியலின் தலைப்பைக் கொண்டுதான் அதை அடையாளம் காண்கிறது. மாணவி `References` என்றோ `Bibliography` என்றோ தலைப்பிடாமல், தான் பார்த்த நூல்கள் என்ற பொருளில் ஒரு நீண்ட தலைப்பைக் கொடுத்திருந்தார். தலைப்பை மாற்றியதும் பட்டியல் முழுவதும் விலகியது. மேற்கோள்களிலும் இதுபோல ஒன்று நடந்தது: முறையாகக் குறியிட்டுப் பக்க எண்ணும் கொடுத்திருந்த 600 சொற்களில் பாதி நீங்கவில்லை, ஏனெனில் அங்கே ஒற்றை மேற்கோள்குறி பயன்பட்டிருந்தது, நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் இரட்டைக்குறியை மட்டுமே மேற்கோளாக எடுத்துக்கொண்டது. பின்னிணைப்பில் இருந்த வினாநிரல் 800 சொற்கள். பலரும் பயன்படுத்தும் நிலையான வினாநிரலை வார்த்தை மாற்றாமல்தான் கொடுக்க வேண்டும்; மாற்றினால் அதன் அளவீடே செல்லாது. அங்கே ஒப்புமை இல்லாதிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இவையெல்லாம் கழிந்தபின் மிஞ்சியவை 1,200 சொற்கள், சுமார் 6 சதவீதம். பெரும்பாலோர் இந்த இடத்தில் அறிக்கையை மூடிவிடுவார்கள். எனக்கோ வேலை இங்கேதான் தொடங்கியது.

அந்த 1,200இல் 900 சொற்கள் உதிரிகள். தரவு எவ்வாறு திரட்டப்பட்டது, எந்தப் புள்ளியியல் சோதனை செய்யப்பட்டது, எந்த அளவுக்குக் கீழிருந்தால் முடிவு ஏற்கப்பட்டது என்பன போன்ற, துறையில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் வாக்கியத் துணுக்குகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு மூலத்தைச் சுட்டியது. எதுவும் ஒரு வரிக்கு மேல் நீளவில்லை. பத்துச் சொற்களுக்குக் குறைவான பொருத்தங்களை நீக்கும்படி அமைத்தால் இவற்றில் பெரும்பகுதி மறைந்துவிடும். அந்த எல்லையை 50, 60 என்று உயர்த்தச் சொல்லி ஆலோசனை தருபவர்களும் உண்டு. எண் அழகாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் பிறர் எழுத்தில் அங்கங்கே ஒரு சொல்லை மாற்றி எழுதினால் பொருத்தம் சிறு துண்டுகளாக உடைகிறது, உயர்ந்த எல்லை முதலில் மறைப்பது அந்தத் துண்டுகளைத்தான்.

மீதமிருந்த 300 சொற்களில் 80 சொற்கள் ஒரு சட்ட விதியை அப்படியே எடுத்துக் காட்டியவை. விதியின் எண் அருகிலேயே இருந்தது. எஞ்சிய 220 சொற்கள் முன்னாய்வுகளைப் பற்றிய இயலில் ஒரே பத்தியாக நின்றன. பத்தி முழுவதும் ஒரே நிறம். நடுநடுவே ஓரிரு சொற்கள் மட்டும் நிறமில்லாமல் இருந்தன. ஒருவர் தம் போக்கில் எழுதும் பத்தியில் நிறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தீவுகளாகத்தான் விழும். நிறம் தொடர்ச்சியாகவும் இடைவெளிகள் ஒரு சொல் அளவிலும் இருந்தால், அங்கே மூல வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது என்று கொள்ளலாம். மூலப் பட்டியலில் இந்தப் பத்தியின் பங்கு 1 சதவீதம். பட்டியலில் வெகு கீழே, ஒருவரும் இறங்கிப் பார்க்காத இடத்தில் இருந்தது.

அறிக்கை காட்டிய மூலமோ வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவர் தாள். அதைத் திறக்க அந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மாணவி அந்தத் தாளைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரே வரி பல இடங்களில் இருந்தால், சுருக்கப் பட்டியல் அவற்றில் ஒன்றை மட்டுமே மேலே காட்டும்; அதிகம் பொருந்தியது மேலே வருமே தவிர, முதலில் எழுதப்பட்டது மேலே வரும் என்பதில்லை. எல்லா மூலங்களையும் காட்டும் பட்டியலுக்கு மாறிப் பார்த்தபோது, அந்தத் தாளுக்கு அடியில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரை இருந்தது. பத்தியின் இறுதியில் மாணவி அடைப்புக்குறிக்குள் கொடுத்திருந்த குறிப்பும் அதே கட்டுரைதான். அறியாத அந்த இன்னொரு மாணவரும் அதே கட்டுரையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

ஆக, கருத்து யாருடையது என்று மாணவி மறைக்கவில்லை. ஆனால் மேற்கோள்குறி இல்லாமல் பின்னால் ஒரு குறிப்பு மட்டும் இருந்தால், கருத்து பிறருடையது, சொற்கள் தன்னுடையவை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே சொற்களும் பிறருடையவை. மாணவியை அழைத்து மூலத்தையும் பத்தியையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினேன். "குறிப்பேட்டில் இருந்ததைத்தான் எழுதினேன், ஐயா. அது நானே சுருக்கியது என்று நினைத்துவிட்டேன்" என்றார். குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூல வரிகளையும் தம் சொந்தக் குறிப்புகளையும் வேறுபாடு தெரியாதபடி ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்திருந்தார். நான் நம்பினேன். நம்பியதால் பத்தியை விட்டுவிடவும் இல்லை. கட்டுரையை மூடிவைத்துவிட்டு அதன் வாதத்தைத் தம் ஆய்வுக்கு வேண்டிய அளவில் மறுபடி எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபிறகே மூலத்தோடு ஒப்பிடலாம் என்பது நிபந்தனை. மாற்ற முடியாத ஒரு வரையறை வாக்கியத்தை இரட்டை மேற்கோள்குறிக்குள் பக்க எண்ணோடு வைத்தார். பழைய பத்தி பாதியாகச் சுருங்கியது, தெளிவாகவும் ஆனது.

அந்தச் சமயத்தில் என்னிடம் இருந்த இன்னொரு ஏட்டின் ஒப்புமை 4 சதவீதம்தான். அதன் முடிவுரையில் இரண்டு பக்கங்கள் வேறு மொழிக் கட்டுரை ஒன்றின் மொழிபெயர்ப்பு. வரியை வரியோடு ஒப்பிடும் மென்பொருளுக்கு அது கண்ணில் படவே இல்லை. அந்தப் பக்கங்கள் பேசிய தரவு மாணவரின் சொந்த அட்டவணைகளில் எங்கும் இல்லாததால்தான் எனக்கு ஐயம் வந்தது. அதற்கு ஒப்புமை அறிக்கை தேவைப்படவில்லை, ஏட்டை ஒருமுறை நேராகப் படித்ததே போதுமானதாக இருந்தது.

குழுவுக்கான குறிப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். 7,200 சொற்கள் எந்தெந்த வகையில் பிரிகின்றன, எந்த வடிகட்டி எந்த அளவில் போடப்பட்டது, 220 சொற்களில் என்ன குறை இருந்தது, அது எப்படித் திருத்தப்பட்டது என்பவை மட்டும் அதில் இருந்தன. வடிகட்டிய அறிக்கையோடு வடிகட்டாததையும் இணைத்தேன்; ஒன்றை மட்டும் கொடுத்தால் எதையோ ஒளிப்பதாகவே தோன்றும். திருத்திய ஏட்டை மறுபடி சோதனைக்கு ஏற்றுவதற்கு முன், முதல் சோதனையின்போது அது களஞ்சியத்தில் சேமிக்கப்படவில்லை என்பதையும் பொறுப்பாளரிடம் உறுதி செய்துகொண்டேன். சேமிக்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ முழு ஏடும் தன்னோடு தானே பொருந்தி, நூறை ஒட்டிய எண் வந்திருக்கும்.

புதிய அறிக்கையின் முகப்பில், வடிகட்டாத நிலையில், 35 என்று இருந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், "ஒன்றுதானே குறைந்திருக்கிறது?" என்று கேட்டார். குறிப்பின் மூன்றாம் பத்தியைக் காட்டினேன். அவர் ஏட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, இதழ்க் கட்டுரையையும் கேட்டு வாங்கி, இரண்டையும் தாமே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.