கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையின் பகுப்பாய்வில் பிழை தெரிந்தால், "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று மழுப்பாதீர்கள். எடிட்டருக்கு அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். பிழையையே எழுதுங்கள்:

"உரமிட்ட 6 தொட்டி, உரமிடாத 6 தொட்டி. தொட்டிக்கு 10 இலை அளந்து, 120 அளவீடுகளையும் தனித்தனி மாதிரிகளாகக் கொண்டுவிட்டோம். உரம் இட்டது தொட்டிக்குத்தான். எனவே மாதிரி எண்ணிக்கை 12 மட்டுமே. தொட்டிவாரியாகச் சராசரி எடுத்துச் சோதித்தால் வேறுபாடு நிற்கவில்லை. முக்கிய முடிவே மாறுவதால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்."

மேலே கட்டுரை எண், தலைப்பு. கீழே எல்லா இணை ஆசிரியர்களின் சம்மதம். ஒருவர் விடுபட்டாலும் எடிட்டர் நிறுத்திவைக்கலாம்.

எழுத்துமூலம் உறுதி வரும்வரை வேறு இதழுக்கு அனுப்பக்கூடாது. அது இரட்டைச் சமர்ப்பிப்பு. முடிவு மாறாத சின்னப் பிழையென்றால் வாபஸே வேண்டாம், திருத்திய பிரதியை ஏற்பார்களா என்று கேளுங்கள்.