கடனுக்குக் காப்பி கொடுக்கும் முன் கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட்டைத் தேடிப் படித்த கதை

ஏற்காட்டில் எங்களுக்கு இருப்பது சின்னத் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, அவ்வளவுதான். அறுவடை முடிந்ததும் உள்தோலோடு காயவைத்த காப்பிக் கொட்டையான பார்ச்மெண்ட்டை சேலம் பக்கத்தில் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குத்தான் போட்டுவந்தோம். முன்பெல்லாம் எடை போட்ட இரண்டு வாரத்தில் பணம் வந்துவிடும். 2024 பருவத்துக்குப் பிறகு அது மாதக்கணக்காக இழுக்க ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் "இந்தத் தடவை தொண்ணூறு நாள் கடனுக்குக் கொடுங்க" என்று கேட்டார்கள். கணக்கைப் பார்க்காமல் மூட்டையை ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கைக் கையில் வாங்க நான் பட்ட பாடு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கம்பெனிக்குக் கடனுக்குச் சரக்கு போடும் யாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கம்பெனி அக்கவுண்டண்ட்டிடமே கேட்டேன். இரண்டு தாளை நீட்டினார்: ஒன்று பேலன்ஸ் ஷீட், இன்னொன்று லாப நட்டக் கணக்கு. "ஆடிட் ஆனதுதாண்ணா, கீழ கையெழுத்து இருக்கு பாருங்க" என்றார். கையெழுத்து இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு மேலே "அஸ் பெர் அவர் ரிப்போர்ட் ஆஃப் ஈவன் டேட்" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. இதே தேதியிட்ட எங்கள் அறிக்கையோடு சேர்த்துப் படிக்கவும் என்று பொருள். அந்த அறிக்கைதான் தரப்படவில்லை. "ரிப்போர்ட் எங்க தம்பி?" என்றதற்கு, "அது பெரிசா இருக்குமுங்கண்ணா, எல்லாம் ஒரே வழக்கமான வாசகம்தான்" என்றார். சீல் வேறு பாதி அழிந்த ஜெராக்ஸ், பெயரே படிக்க முடியவில்லை. இப்படி இரண்டு தாளை மட்டும் யாராவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஆடிட்டர் என்ன சொன்னார் என்பது அந்தத் தாளில் இருக்கவே இருக்காது.

கம்பெனியின் அறிமுகப் புத்தகத்தில் ஆடிட்டர் என்று ஒரு நிறுவனத்தின் பெயர் போட்டிருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஆபீஸ். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், வரவேற்பில் வெகு நேரம் உட்கார்ந்த பிறகு, ஒரு பையன் வந்து "அந்தக் கம்பெனிய இப்ப நாங்க பாக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எப்போது விட்டார்கள், யார் பார்க்கிறார்கள் என்றால் பதில் இல்லை. ஒரு நாள் வேலை போனது. அவர்கள் மேல் எனக்கு அப்போது கோபம் வந்தாலும், பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் தொழில் விவரத்தை வெளியில் சொன்னால், சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் சட்டப்படி அது நடத்தைக் குற்றம். ஆகவே ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பது வீண் அலைச்சல். யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது அரசு பதிவில் இருக்கிறது, அங்கே தேடுங்கள்.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனியின் மாஸ்டர் டேட்டா இலவசம். ஆனால் அதில் ஆடிட்டர் பெயர் வராது. வருவது இயக்குநர் பெயர்கள், கடைசி பேலன்ஸ் ஷீட் எந்தத் தேதிக்கு, சொத்தின் மேல் எந்த வங்கிக்கு என்ன அடமானம் என்ற விவரம். சேலம் மாவட்டக் கம்பெனிகள் கோயம்புத்தூர் ரெஜிஸ்ட்ராரின் கீழ் வருவதால் கம்பெனியின் அடையாள எண்ணான CIN-இன் நடுவில் TZ என்று இருக்கும். இதற்காகக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. View Public Documents பகுதியில் நூறு ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்கள் திறக்கும். பார்க்கக் கொடுக்கும் நேரம் அளவானது என்பதால் திறந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிடுங்கள், படிப்பது பிறகு.

அங்கே தேட வேண்டியவை மூன்று படிவங்கள். AOC-4 என்பது ஆண்டுக் கணக்குத் தாக்கல், அதோடுதான் முழு ஆடிட் ரிப்போர்ட் இணைப்பாக இருக்கும். ADT-1 ஆடிட்டர் நியமனம். ADT-3 ஆடிட்டர் ராஜினாமா. நான் பார்த்ததில் ADT-1 இரண்டு இருந்தன, இடையில் ஒரு ADT-3. ஃபேர்லேண்ட்ஸ் நிறுவனம் 2024 மே மாதம் விலகியிருந்தது, காரணம் "வேலைப் பளு" என்று ஒரே வரி. ஜூன் கடைசியில் புது நிறுவனத்தை அந்தக் காலி இடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் பொதுக்குழுவில் அதே நிறுவனத்தை ஐந்து வருடத்துக்கு மறுபடி நியமித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ADT-1-இல் நியமன தேதியை மட்டும் பார்த்தால் தப்பாகப் போகும். எந்தக் கணக்குக் காலத்துக்கு நியமனம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள். செப்டம்பர் நியமனம் 2024-25 கணக்கிலிருந்து தொடங்குவது. 2023-24 கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை ஜூன் மாத நியமனத்தால் வந்தது. நியமிக்கப்படுவது நிறுவனம், கையெழுத்துப் போடுவது அதன் பங்குதாரர் ஒருவர். ரிப்போர்ட்டின் கடைசியில் நிறுவனப் பதிவு எண், பங்குதாரர் பெயர், அவருடைய உறுப்பினர் எண், ஊர், தேதி, UDIN எல்லாம் வரிசையாக இருக்கும். UDIN என்பது அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டுமான அடையாள எண், பதினெட்டு எழுத்து. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறும் கையெழுத்திட்டவரின் உறுப்பினர் எண். அதை மேலே உள்ள எண்ணோடு ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். பிறகு udin.icai.org-இல் போட்டுப் பார்த்தால் அந்த ரிப்போர்ட் உயிரோடு இருக்கிறதா, ரத்தா என்றும், ஆடிட்டர் அங்கே பதிந்த விற்றுமுதல் போன்ற முக்கியத் தொகைகளும் தெரியும். என் கையில் இருந்த ஜெராக்ஸின் தொகைகள் அதோடு ஒத்துப்போயின. அதாவது அக்கவுண்டண்ட் கொடுத்த எண்கள் பொய்யில்லை. மறைத்தது ரிப்போர்ட்டை.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சுத்தமான ரிப்போர்ட் என்றால் முதல் தலைப்பு வெறும் "ஒப்பினியன்" என்று இருக்கும். இதில் "குவாலிஃபைடு ஒப்பினியன்" என்று இருந்தது, அதாவது குறை சொல்லும் கருத்து. அதன் கீழே, கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்ற வாசகத்துக்கு முன்னால் "எக்செப்ட் ஃபார் தி பாஸிபிள் எஃபெக்ட்ஸ்" என்று ஒரு துண்டு, இருக்கக்கூடிய பாதிப்புகள் நீங்கலாக என்று பொருள். அடுத்த தலைப்பு அதன் அடிப்படை. அங்கே இருந்தது சுருக்கமாக இதுதான்: 31.3.2024 அன்று சரக்கிருப்பு 3.20 கோடி ரூபாய். அந்தத் தேதிக்குப் பிறகுதான் நாங்கள் நியமிக்கப்பட்டோம், சரக்கை எண்ணும்போது நாங்கள் இல்லை, வேறு வழியிலும் அளவை உறுதிசெய்ய முடியவில்லை, ஆகவே தொகையில் திருத்தம் தேவைப்படுமா என்று சொல்ல இயலவில்லை.

"பாஸிபிள்" என்ற ஒரு சொல் எவ்வளவு சொல்கிறது என்பதை எனக்கு விளக்கியவர் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் மச்சானின் நண்பர், அவரும் ஆடிட்டர்தான். அந்தச் சொல் இல்லாமல் வெறும் "எஃபெக்ட்ஸ்" என்று இருந்தால், ஆடிட்டர் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள். வராக்கடனுக்கு ஒதுக்காமல் விட்டது போல ஏதாவது இருக்கும், முடிந்தவரை தொகையையும் எழுதுவார். "பாஸிபிள்" வந்தால் அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. சரக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தக் குறை ஒரு இனத்தோடு நிற்காமல் கணக்கு முழுவதையும் பாதிப்பதாக அவர் நினைத்திருந்தால் குவாலிஃபைடு என்று முடிக்க மாட்டார். சான்று இல்லாத பட்சத்தில் கருத்தே தெரிவிக்கவில்லை என்று எழுதுவார், அது டிஸ்கிளெய்மர். தப்பே கணக்கு முழுவதும் பரவியிருந்தால், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று நேராகவே எழுதுவார், அது அட்வர்ஸ்.

"மாமா, அந்த மூணு கோடியே இருபது லட்சத்த மத்த நம்பரோட வெச்சுப் பாருங்க, அப்பதான் கனம் தெரியும்" என்றார் அவர். வைத்துப் பார்த்தோம். மொத்தச் சொத்து 5.05 கோடி, அதில் சரக்கு மட்டும் 3.20 கோடி. முதலும் சேமிப்பும் சேர்ந்த சொந்தப் பணம் 92 லட்சம். சரக்கில் முப்பது சதவீதம் குறைந்தால் 96 லட்சம். சொந்தப் பணம் முழுவதும் போய்விடும். சரக்கின் மேல் வங்கிக்கு அடமானம் இருப்பதும் தெரிந்தது, வங்கிக் கடன் 2.40 கோடி. கம்பெனி தடுமாறினால் கிடங்கில் இருப்பது முதலில் வங்கிக்குத்தான், எங்களைப் போல் கடனுக்குப் போட்டவர்கள் அதற்குப் பின்னால். எங்கள் காப்பி வரத்து முடிவது பிப்ரவரியில் என்பதால் மார்ச் 31 அன்றுதான் கிடங்கு நிறைந்திருக்கும். காப்பிக் கம்பெனியில் எண்ணப்படாமல் போகக்கூடாத எண் எதுவோ, அதுவே ஆடிட்டர் முன்னால் எண்ணப்படவில்லை. பழைய ஆடிட்டர் மே மாதம் விலகியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

இன்னும் கீழே "எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்" என்று ஒரு பத்தி. கொடுக்க வேண்டிய பாக்கிகளில் பலவற்றுக்கு எதிர்த்தரப்பின் உறுதிக் கடிதம் வரவில்லை என்று கணக்குக் குறிப்பில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இதனால் எங்கள் கருத்து மாறவில்லை என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரி இருந்தால் அது கவனத்துக்கு மட்டும், குறையாகச் சேராது. ஆனால் எனக்கு அது சுருக்கென்றது. என் பாக்கியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும், எனக்கு எந்தக் கடிதமும் வந்ததே இல்லை. அன்றைக்கே என் பாக்கித் தொகையை பில் எண்களோடு எழுதி, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தரும்படி கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பழைய பாக்கிக்கு அதுதான் முதலில் வேலை செய்தது. அக்கவுண்டண்ட் போன் செய்து, கையெழுத்திட்ட கடிதத்தோடு பாதித் தொகைக்குக் காசோலையும் அனுப்பினார்.

புதுச் சரக்குக்குப் பேசப் போனபோது ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். குறை ஒவ்வொன்றுக்கும் இயக்குநர்கள் தங்கள் அறிக்கையில் விளக்கம் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். இவர்கள் எழுதியிருந்தது "நிர்வாகம் சரக்கை எண்ணிச் சரிபார்த்திருக்கிறது" என்ற ஒரே வரி. அந்த எண்ணிக்கைத் தாளைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. தொண்ணூறு நாள் கடன் பேச்சு அதோடு நின்றது. எடை போட்ட அன்றே முக்கால் பணம், மீதி பதினைந்து நாளில் என்று ஒப்புக்கொண்டு, வழக்கமாகப் போடுவதில் பாதி மூட்டைதான் கொடுத்தேன்.

அடுத்த AOC-4 பொதுக்குழு முடிந்த முப்பது நாளுக்குள் தாக்கலாக வேண்டும், செப்டம்பர் 30-இல் கூடினால் அக்டோபர் முடிவதற்குள். வந்ததும் மறுபடி நூறு ரூபாய் கட்டுங்கள். 2025 மார்ச்சில் புது ஆடிட்டர் கிடங்குக்குப் போய் எண்ணியிருந்தால் அந்த வருட இறுதிச் சரக்குக்குக் குறை வராது. ஆனால் ஆடிட்டர் உறுதிசெய்யாத பழைய 3.20 கோடி இப்போது தொடக்க இருப்பாக நிற்பதால், அந்த வருட லாபத் தொகையின் மேல் ஒரு "எக்செப்ட் ஃபார்" தொடரலாம். அது அப்படி நின்றால் பயப்பட வேண்டியதில்லை. இறுதிச் சரக்கின் மேலேயே மறுபடி வந்திருந்தால், மீதி மூட்டைகளையும் வேறு இடத்தில் போடுவதாக இருக்கிறேன்.