மடிப்புக்கு மேலே ஒரு வரி

பம்பலப்பிட்டியில் உள்ள சிறிய விளம்பர நிறுவனமொன்றில், கடைகளின் இன்ஸ்டகிராம் பதிவுகளுக்குத் தமிழ் வாசகம் எழுதுவது என் வேலை. ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துகள் வரை எழுத இடமுண்டு. ஆனால் ஓடும் திரையில் முதல் இரண்டு வரியளவே தெரியும், மீதி மடிக்கப்பட்டுவிடும். அந்த எல்லை ஏறத்தாழ 125 எழுத்துகள் என்பார்கள்.

தமிழுக்கு அந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 'வெள்ளவத்தை' நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 10. கொம்பையும் புள்ளியையும் கால்களையும் அது தனித்தனியே எண்ணுகிறது. நம் எழுத்துகள் அகலமானவை என்பதால் வரியும் விரைவில் நிறைந்துவிடும். கடையின் இன்ஸ்டகிராம் கணக்குப் பெயரும் முதல் வரியிலேயே வருகிறது. பெயர் நீளமென்றால் அதுவும் நம் இடத்தைத் தின்னும்.

வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்றின் தீபாவளிப் பதிவு, "எமது மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று தொடங்கியது. அதுவே 80 எழுத்துகளுக்கு நெருக்கம். அடுத்த வாக்கியம் "இப்பண்டிகையை முன்னிட்டு எமது காட்சியறையில்" என்று நீண்டு, அங்கேயே அறுந்தது. தமிழில் வினை கடைசியில் வருவதால், அறுந்த வாக்கியம் எதையுமே சொல்லாது. விலைக் கழிவு என்ற செய்தி மடிப்புக்குள் கிடந்தது. "கழிவு உண்டா?" என்று கருத்துப் பகுதியில் பலர் கேட்டிருந்தார்கள். முதல் வரி தவறியதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

நான் இப்படி மாற்றினேன்: "பட்டுப் புடவைக்கு 20% கழிவு. ஞாயிறு இரவு 9 வரை. வெள்ளவத்தை, காலி வீதி." இடைவெளிகளோடு 70 எழுத்துகள். வினைக்காகக் காத்திருக்க வைக்காத துண்டுகள். எந்த இடத்தில் வெட்டினாலும் அதுவரை வந்தது பொருள் தரும்.

"வாழ்த்துச் சொல்லாமல் விலையைச் சொல்வது மரியாதையா, தம்பி?" என்று கடை முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. "வாழ்த்தைப் படத்திலேயே பெரிதாக எழுதிவிடுவோம், ஐயா. வாசகத்துக்கு முன்பே கண்ணில் படும்," என்றேன். ஒப்புக்கொண்டார்.

பதிவிடுமுன் வேறொரு தனிப்பட்ட கணக்கில் போட்டு, சிறிய திரையுள்ள கைப்பேசியிலும், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒருவரின் கைப்பேசியிலும் பார்க்கிறேன். முதல் வரிக்குப் பின் வெற்று வரி விடுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த வெறுமையும் தெரியும் இரண்டு வரிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

கொழும்பில் மிகக் கடினமானது மும்மொழிப் பதிவு. சிங்களம், ஆங்கிலம், அதன்பின் தமிழ் என்று அடுக்கினால் தமிழ் முழுவதும் மடிப்புக்குள் போய்விடும். இதில் சமரசம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ் வாசகருக்கெனத் தனிப் பதிவு கேட்கிறேன். அதற்கு இடமில்லை என்றால், "20%" என்ற இலக்கத்தை முதலில் வைத்து, மூன்று மொழிக்கும் ஒவ்வொரு சொல்லை மட்டும் அதே வரியில் சேர்த்து, விவரங்களைக் கீழே இறக்கிவிடுகிறேன்.