"கேப்பே வரலைம்மா"

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் இருக்கிறது. நன்றாகப் பேசுவான், படிப்பிலும் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பள்ளி இடைவேளையில் தனியாகத்தான் சுற்றுவான். அதற்காகச் சமூகத் திறன் குழு ஒன்றில் சேர்த்தோம். அங்கே கற்றுக்கொண்டதைப் பள்ளிக்குக் கொண்டுபோக ஒரு கல்வியாண்டு முழுக்கப் போராடியதைத்தான் எழுதுகிறேன்.

இது எங்களுக்கு இரண்டாவது குழு. முதல் குழுவில் "பேசுகிறவரின் கண்ணைப் பார்" என்பதுதான் பிரதான பாடம். பார்த்தால் ஒரு ஸ்டிக்கர். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்து, "கண்ணைப் பார்த்தா அவங்க சொல்றது காதுல விழ மாட்டேங்குதும்மா" என்றான். அத்துடன் நிறுத்திவிட்டோம். கண்ணைப் பார்ப்பதுபோல் நடிக்கவே அவனுடைய கவனம் முழுவதும் செலவானால், எதிரில் இருப்பவரிடம் எதைப் பேசுவான்?

இரண்டாவது குழுவின் தெரபிஸ்ட் முதல் சந்திப்பில், "என்ன கற்றுத்தரணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "அவனுக்கு நண்பர்கள் வேணும்" என்றேன். "அது நாம கற்றுத்தர முடிகிற விஷயம் இல்லை. அவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான்னு சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பாசிரியையிடம் போய், மூன்று நாள் மட்டும் இடைவேளையின் முதல் பத்து நிமிடம் அவனைப் பார்த்து எழுதித்தரச் சொல்லிக் கேட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். விளையாடுகிறானா, விளையாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறானா, தனியாக இருக்கிறானா என்று ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான்.

வந்த தாளைப் பார்த்து அதிர்ந்துபோனேன். அவன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். கோடுகளில் பாதிக்கு மேல் "பக்கத்தில்" என்ற பத்தியில் இருந்தன. விளையாட்டின் ஓரத்திலேயே நடந்துகொண்டிருக்கிறான். திடீரென்று உள்ளே புகுந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான், இல்லையென்றால் யாரோ விதியை மீறியதை நின்று விளக்குகிறான். அவனுக்குச் சேர ஆசை இருக்கிறது, உள்ளே போகும் வழிதான் தெரியவில்லை. அந்தப் பருவத்துக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

குழுவில் ஐந்து பிள்ளைகள், வாரம் ஒரு மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் சேர்வதை அவர் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தார். முதலில் சற்றுத் தள்ளி நின்று என்ன விளையாட்டு, எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார். பிறகு கிட்டே போ. விளையாட்டில் ஒரு இடைவெளி வரும்வரை காத்திரு. வந்ததும் அந்த விளையாட்டைப் பற்றியே ஒரு வரி சொல். "இல்லை" என்றால் "சரி, அப்புறம் வர்றேன்" என்று நகர்ந்துவிடு. மறுப்புக்கும் ஒத்திகை பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரிடமும் பழகும் பிள்ளைகளுக்கும் மறுப்பு வருகிறது, அவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். என் மகனோ ஒரு "இல்லை"க்கு ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்துவிடுவான்.

ஆறாவது வாரம் குழுவில் பிசிறில்லாமல் செய்தான். பள்ளித் தாளில் எதுவும் மாறவில்லை. அதே கோடுகள். மாறியது ஒன்றுதான்: பந்தைப் பிடுங்குவது நின்றிருந்தது. அதற்குப் பதில் இடைவேளை முழுக்கக் களத்தின் ஓரத்தில் அசையாமல் நின்றான். ஏன் என்று கேட்டேன்.

"கேப்பே வரலைம்மா."

தெரபிஸ்ட் இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். குழு நடக்கும் அறையில் ஐந்தே பேர், சத்தம் கிடையாது. ஒரு பிள்ளை கிட்டே வந்தால் அவரே ஆட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி, அவனைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பைத்தான் இவன் "இடைவெளி" என்று கற்றிருக்கிறான். பள்ளி மைதானத்தில் தலையசைக்க யாரும் இல்லை, ஓடிப்பிடித்து விளையாடும்போது ஆட்டம் நிற்பதும் இல்லை.

ஓரிடத்தில் கற்பதை இன்னோரிடத்தில் தானாகச் செய்துவிடுவார்கள் என்று நம்பும் இந்தப் பழக்கம் மிகப் பழையது. ஸ்டோக்ஸ், பேர் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-லேயே இதற்குப் "பயிற்சி கொடு, நம்பிக்கையோடு இரு" என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த இரண்டு வாரம் குழுவில் வேறு வேலை நடந்தது. அவன் வகுப்பில் உண்மையாகவே விளையாடும் இரண்டு ஆட்டங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடைவெளி எங்கே விழுகிறது என்று தேடினார்கள். கால்பந்தில் பந்து கோட்டுக்கு வெளியே போகும்போது. ஓடிப்பிடிப்பதில் ஒருவன் பிடிபட்டு ஆள் மாறும் அந்த இரண்டு நொடி. அறையை விட்டு வெளியே வந்து, வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு பழகினார்கள். தெரபிஸ்ட் தலையசைக்காமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாராம்!

இன்னொரு தவறும் அப்போதுதான் வெளிவந்தது. இவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரி, "நானும் உங்களுடன் விளையாடலாமா?" எந்தக் குழந்தை இப்படிப் பேசும்? அவன் பாடப்புத்தகம்போல் அதை ஒப்பித்ததும் வகுப்பில் சிரித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கேள்வியே "முடியாது" என்ற பதிலுக்கு வாசலைத் திறந்துவைக்கிறது. மற்ற பிள்ளைகள் சேரும்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதிவருவதை அவனுக்கே வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். இந்த வேலை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க எழுதிவந்தான். பெரும்பாலும் "நான் எந்த டீம்?", "டேய், இந்தப் பக்கம் ஆளே இல்ல, நான் வரேன்." அதில் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்துக்கொண்டான்.

பள்ளிப் பக்கம் நான் செய்த முதல் காரியம் தெரபிஸ்ட் எழுதிய நான்கு பக்க அறிக்கையைக் கொடுத்தது. யாரும் படிக்கவில்லை. முப்பதுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவரிடம் நான்கு பக்கத்தை நீட்டியது என் தப்பு. பிறகு ஒரு சின்ன அட்டையில் மூன்றே வரி எழுதிக் கொடுத்தோம். அவன் களத்தின் ஓரத்தில் நின்றால் சேரப் பார்க்கிறான் என்று அர்த்தம். பந்து வெளியே போனதும் அவன் போகவில்லையென்றால், ஒரே ஒருமுறை "பந்து வெளியே போயிடுச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். "அவனையும் சேர்த்துக்கங்கப்பா" என்று மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

மூன்றாவது வரிக்காகத்தான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. உதவி ஆசிரியை நல்ல மனசுடன் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுவார். அவர் நிற்கும்வரை சேர்த்துக்கொள்வார்கள், நகர்ந்ததும் பந்து இவன் பக்கமே வராது. பெரியவர் ஒருவர் ஒட்டியே நின்றால் பிள்ளைகள் விலகுகிறார்கள் என்பதைத் தாளிலேயே காட்டினோம். அவர் விடுப்பில் இருந்த நாளில் "தனியாக" கோடுகள் குறைந்து, "பக்கத்தில்" கோடுகள் அதிகமாக இருந்தன. அதன்பின் பத்தடி தள்ளி நிற்க ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் ஒரு சுவர் இருந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்கு இவன் இன்னும் "பந்தைப் பிடுங்குறவன்"தான். அவன் மாறியது அவர்களுக்குத் தெரியாது. ஆட்டிச ஆய்வாளர் கோனி கசாரியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வைத் தெரபிஸ்ட் அப்போது சொன்னார். சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் 60 ஆட்டிசக் குழந்தைகளை வைத்துச் செய்தது. குழந்தைக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததைவிட, கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர்களுடைய வகுப்பு நட்பு வட்டத்தில் இவர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது, மைதானத்தில் தனித்து நிற்பதும் குறைந்தது. நாங்கள் இத்தனை நாள் திருத்திக்கொண்டிருந்தது ஒரு பக்கத்தை மட்டும்.

வகுப்பாசிரியை மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். முதல் மதிப்பெண் எடுப்பவர்களை அல்ல. தினமும் ஒரே இடத்தில் விளையாடுகிற, அவசரப்படாத, மற்றவர்கள் பின்னால் வருகிற பிள்ளைகளை. என் மகனிடம் கேட்டோம், ஆட்டிசம் என்று சொல்ல வேண்டாம் என்றான், அதனால் சொல்லவில்லை. ஒரு பையன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தால் காத்திருப்பது, இரண்டாவது முறை கூப்பிட்டுப் பார்ப்பது, "வா" என்று மட்டும் சொல்லாமல் "நீ இந்தப் பக்கம் நில்லு" என்று இடத்தைச் சொல்வது. இதையெல்லாம் வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், ஆடிக்கொண்டே பழகினார்கள்.

இங்கேயும் ஒரு சறுக்கல். இவனுக்கு விதிகள் எல்லாம் அத்துப்படி என்பதால் ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். அவனுக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தோம், அவன் நிரந்தர அம்பயராகிவிட்டான், ஒருமுறைகூடப் பந்தை உதைக்கவில்லை. அப்புறம் ஐந்து கோலுக்கு ஒருமுறை ஸ்கோர் எழுதுபவர் மாற வேண்டும் என்று விதி போட்டார்கள். விதி என்றால் அவன் கேட்பான்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் தினமும் இவன்தான் பிடிப்பவன். அவன் அதைப் பெருமையாகச் சொன்னான், "எனக்குத்தான்மா தினமும் சான்ஸ் கொடுக்கறாங்க" என்று. எனக்கு வயிறு எரிந்தது. தாளிலோ அந்த நாட்களெல்லாம் "விளையாடுகிறான்" என்றே விழுந்திருந்தன, கோடு போட்டவர் மேல் தப்பில்லை. சேர்வதற்கும் ஒத்துப்போவதற்கும் ஆறு மாதம் பழக்கிவிட்டு, மறுப்பதற்கு ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. குழுவில் அதைச் சேர்த்தோம். ஒரே ஆளே மூன்று முறைக்கு மேல் பிடிப்பவனாக இருக்கிறானா என்று எண்ணு, இருந்தால் "இப்ப உன் டர்ன்" என்று சொல், கேட்கவில்லையென்றால் ஆட்டத்தை விட்டு வந்துவிடு. எண்ணச் சொன்னதால் அவனால் செய்ய முடிந்தது. முகத்தைப் பார்த்து ஏமாற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. என்னைக் கேட்டால், எந்தக் குழுவிலும் இதைத்தான் முதல் மாதமே ஆரம்பிக்க வேண்டும்.

தொடக்கத்தில் பத்துக் கோட்டில் ஒன்றுதான் "விளையாடுகிறான்". ஆண்டு முடிவில் நல்ல நாளில் ஐந்து, ஆறு. நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி ஒன்றுக்கு இறங்கியது, ஏறி வர மூன்று வாரம் ஆனது. புது ஆட்டம் எதையாவது வகுப்பில் ஆரம்பித்தால் இடைவெளி தேடும் வேலை முதலிலிருந்து. பத்துக்குப் பத்து வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. வாரத்தில் இரண்டு இடைவேளை அவனுக்கே சொந்தம், யாரும் கோடு போட மாட்டார்கள், சேரச் சொல்லித் தூண்டவும் மாட்டார்கள். அதில்லாத வாரங்களில் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவான்.

கடைசி மாதம் வகுப்பாசிரியை போன் செய்தார். அந்த மூவரில் ஒருவனும் என் மகனும் படிக்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார்களாம். பத்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. "இதை எந்தப் பத்தியில் போடறது?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் பத்தியில் போடச் சொன்னேன்.