சித்தியின் இடது நெற்றி

ஜனவரி 18

காலை ஆறே முக்காலுக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். "ஆத்தா, உஞ்சித்திக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிருச்சு. காபி குடிச்சா ஓரமா ஒழுகுது" என்றார். நான் காரைக்குடியில் பிசியோதெரபி பார்ப்பவள், அவர்கள் கானாடுகாத்தானில். முதலில் காரை எடுக்கச் சொன்னேன். கார் வருவதற்குள் வீடியோவில் சித்தியைக் காட்டச் சொன்னேன்.

இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். இரண்டும் இறங்காமல் நின்றன. பேச்சில் ப, ம மட்டும் நசுங்கியது, ஆனால் சொல் தடுமாறவில்லை. பிறகு, "சித்தி, புருவத்தைத் தூக்கி நெத்தியச் சுருக்குங்க" என்றேன். வலது பாதியில் மூன்று கோடு விழுந்தது. இடது பாதி தேய்த்து மடித்த துணி மாதிரி வழவழவென்று அப்படியே இருந்தது. கண்ணை இறுக மூடச் சொன்னதும் வலது கண் மூடியது. இடது கண்ணில் இமை பாதியில் நின்றுவிட, விழி மேலே ஏறி வெள்ளை மட்டும் கீற்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துச் சித்தப்பா அழுதுவிட்டார். எனக்கோ அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

நெற்றிக்குப் போகும் நரம்புக் கட்டளை மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. வாய்ப் பக்கத்துக்கு வருவது பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும். அதனால் பக்கவாதத்தில், அதாவது மூளையின் ஒரு பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்தால், வாய் கோணும், நெற்றி தப்பிக்கும். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓடும் முக நரம்பே வீங்கி நசுங்கினால், நெற்றி, கண், கன்னம், வாய் எல்லாம் சேர்ந்து விழும். சித்திக்கு விழுந்தது பாதி முகம் முழுக்க.

அப்படியும் "வீட்டிலேயே இருங்க" என்று நான் சொல்லவில்லை. மூளைத்தண்டில் சின்ன அடைப்பு வந்தாலும் நெற்றியோடு சேர்த்து முகம் விழலாம். இரட்டையாகத் தெரிவது, தலை சுற்றல், நடை தள்ளாடுவது, கை கால் மரத்துப்போவது இதெல்லாம் கூடவே இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எட்டரைக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனையில் இருந்தோம். டாக்டர் கை, கால், கண் அசைவு, நடை எல்லாம் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்துக் கொப்புளம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் அது அக்கி வைரஸ் வேலை, மருந்தும் வேறு, குணமாவதும் மெதுவாகத்தான். கொப்புளம் இல்லை. நேற்று ராத்திரி இடது காதுக்குப் பின்னால் வலித்ததாகச் சித்தி இப்போதுதான் சொன்னார். டாக்டர் பெல்ஸ் பால்சி என்று எழுதினார். நம் ஊரில் முகவாதம் என்பது இதைத்தான்.

ஜனவரி 19

பிரட்னிசொலோன் என்ற ஸ்டிராய்டு, காலையில் சாப்பிட்ட பிறகு 60 மில்லிகிராம், 5 நாள். பிறகு நாளுக்குப் பத்துப் பத்தாகக் குறைத்து, பத்தாம் நாளோடு நிறுத்த வேண்டும். சித்திக்குச் சர்க்கரை இருப்பதால் தினமும் இரண்டு வேளை பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஆச்சி, "சர்க்கரைக்காரிக்கு ஸ்டிராய்டா, வேணாம்" என்று சித்தப்பாவைப் பயமுறுத்திவிட்டார். பயத்தில் நியாயம் இருக்கிறது, சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆனால் இந்த மருந்துக்குக் காலக்கெடு உண்டு. முகம் விழுந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கும். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. 9 மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியிருந்தது, சாப்பிடாதவர்களில் 82 பேருக்கு. அந்தப் பன்னிரண்டு பேரில் சித்தியும் ஒருத்தியாக இருக்கலாம் என்றேன். சித்தப்பா மாத்திரையை எடுத்து நீட்டினார்.

ஜனவரி 20

இன்று முகம் இன்னும் மோசம். முந்தாநாள் கொஞ்சம் அசைந்த வாய் ஓரம்கூட இன்று செத்துக் கிடக்கிறது. "மருந்து பிடிக்கலையோ?" என்று சித்தி எழுதிக் காட்டினார், பேசவே பிடிக்கவில்லை போல. இது மருந்தின் குற்றம் இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் இறங்கி அடியைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்பது இந்த நோயின் நடை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால்தான் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அடுப்படியில் தாம்பாளம் வைக்கிற சத்தம் இடது காதில் அறைகிற மாதிரி இருக்கிறதாம். காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசை ஒன்றுக்கும் இதே நரம்புதான். நாக்கின் முன்பகுதி ருசியும் இதே வழியில்தான் போகிறது. இடது பக்கம் உப்பு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து இருபது வருஷமாகப் பிழைப்பவர். மாவில் உப்பைப் பார்ப்பது அவருடைய நாக்குத்தான். முகம் கோணியதற்கு அழாதவர் இதற்கு அழுதார்.

ஜனவரி 22

கண்தான் என் கவலை. முகம் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், கருவிழியில் புண் வந்தால் பார்வை திரும்பாது. இமை மூடாத கண் காய்ந்துபோகும், சித்தி வேலையோ எண்ணெய்ச் சட்டிப் புகைக்கு முன்னால்.

பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து. வெளியே போனால் கண்ணாடி. ராத்திரிக்கு, கீழ் இமையை இழுத்து உள்ளே கண் களிம்பை அரை அங்குலக் கோடாக வைக்க வேண்டும். மேல் இமையை விரலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தள்ளி முழுக்க மூடியபின், காகித பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்ட வேண்டும். சித்தப்பா முதல் நாள் பஞ்சை நேராகக் கண்ணில் வைத்துக் கட்டியிருந்தார். உள்ளே இமை திறந்துகொண்டு, பஞ்சு கருவிழியில் உரசியிருக்கிறது. கண் சிவந்து உறுத்தவே கண் டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, கீறல் இல்லை. இன்று சித்தப்பாவே நான்கு தரம் ஒட்டிப் பழகினார், டார்ச் அடித்து வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு.

சர்க்கரை 160-ல் இருந்தது 280-க்குப் போயிருக்கிறது. டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார்.

ஜனவரி 26

"நீ பிசியோதெரபிதானே, சித்திக்குக் கரண்ட் வைக்க மாட்டியா?" இன்று மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். மாட்டேன். கரண்ட் வைத்தால் நரம்பு சீக்கிரம் வளரும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. முகத்தை ஓங்கி இழுத்துச் சுருக்கும் பயிற்சியும், பபுள்கம் மெல்வதும் இப்போது வேண்டாம். மெல்லுவது வேறு நரம்பின் வேலை, முக நரம்புக்கு அதனால் லாபமில்லை. இப்போதைக்குக் கன்னத்தை விரலால் மேல்நோக்கி மெதுவாகத் தடவிவிடுவது, வலது பக்கமாக மென்று சாப்பிடுவது, சாப்பிட்டதும் இடது கன்னத்தில் தங்கிய சோற்றை விரலால் எடுப்பது, அவ்வளவுதான்.

புறா ரத்தம் தடவலாம் என்று ஒருவர் சொன்னார். அவரிடம் கோபப்பட்டுவிட்டேன். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வந்துவிட்டார். அவருக்கும் காலையில் வாய் கோணியிருக்கிறது. நெற்றி நன்றாகச் சுருங்கியது, கண் மூடியது, வலது கை மட்டும் கொஞ்சம் கனத்தது. முகவாதம்தானே என்று ஒரு பகல் முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ராத்திரி போனவருக்கு அது இல்லை. இன்றும் அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. வாய் கோணியதும் 108-ஐக் கூப்பிடுங்கள், முகவாதமா இல்லையா என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.

பிப்ரவரி 7

இருபத்தோராம் நாள். கண்ணாடி முன்னால் உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னேன். வாய் இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் கோடு இடது பக்கம் லேசாக விழுந்திருந்தது. இரண்டு வாரமாக அங்கே கோடே இல்லை. இரண்டாம் தரம் செய்யச் சொன்னபோது வாய் ஓரம் ஒரு நெல்மணி அகலத்துக்கு அசைந்தது. சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சித்திக்குத் தெரிந்தது.

மூன்று வாரத்துக்குள் இப்படி அசைவு தொடங்கினால் முழுசாகத் திரும்ப நல்ல வாய்ப்பு. மூன்று நான்கு மாதம் ஆகியும் ஒரு அசைவும் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்து வேறு காரணம் தேட வேண்டும்.

பிப்ரவரி 24

இமை ஒரு நூல் இடைவெளிவரை இறங்குகிறது. உப்பு தெரிகிறது, ஆனால் உலோக ருசியோடு. மகள்தான் இன்னும் மாவு பார்க்கிறாள்.

மார்ச் 16

கண் முழுக்க மூடுகிறது. ராத்திரி பிளாஸ்திரியை நிறுத்தினோம். டாக்டர் சொன்னபடி சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. நெற்றியில் இடது பக்கம் ஒன்றரைக் கோடு.

மே 12

நாலு மாதம் நெருங்குகிறது. சிரிப்பு சமமாக இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அடுப்பை ஊதுவது மாதிரி உதட்டைக் குவிக்கும்போது இடது கண் கொஞ்சம் சுருங்குகிறது. மறுபடி வளரும் நரம்பிழைகளில் சில, வாய்க்குப் போக வேண்டியவை கண் தசைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. வேகமாக, பலமாகப் பயிற்சி செய்தால் இந்தத் தப்பான இணைப்புத்தான் ஊறிப்போகும்.

அதனால் இப்போதுதான் என் வேலை ஆரம்பம். கண்ணாடி முன்னால், கண்ணைப் பெரிதாக வைத்துக்கொண்டே உதட்டை ரொம்பச் சின்னதாகக் குவிக்க வேண்டும். கண் சுருங்க ஆரம்பித்ததும் அங்கேயே நிறுத்த வேண்டும். ஐந்து தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதற்கு மேல் வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் சித்தி அடுக்களைக்குப் போனார். சீப்புச் சீடைக்குப் பிசைந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கின் இடது ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"உப்பு கம்மிடீ" என்றார் மகளிடம். மகள் ருசி பார்த்துவிட்டு உப்பு டப்பாவை எடுத்தாள்.